சாய்தளத்தில் எறிபொருள்: பெரும நெடுக்கத்துக்கு எந்த வழியில் போவது?

பிளஸ் ஒன் இயற்பியலில் சமதளத்து எறிபொருள் வரை எல்லாம் ஒழுங்காகப் போகும். 45° கோணத்தில் எறிந்தால் அதிக தூரம், நெடுக்கம் u²/g, அவ்வளவுதான். தரையைக் கொஞ்சம் சாய்த்ததும் குழப்பம் வருகிறது. அச்சுகளைத் தரையோடு சேர்த்துச் சாய்க்க வேண்டுமா, பழையபடி கிடையாகவும் நேர்குத்தாகவும் வைத்துக்கொள்ளலாமா? கோணத்தைத் தளத்திலிருந்து அளப்பதா, கிடைமட்டத்திலிருந்தா? ஒரு ஆசிரியர் ஒரு வழியில் போடுகிறார், கையேடு இன்னொரு வழியில் போடுகிறது. இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் விடை தப்பாகிறது.

இங்கே மூன்று வழிகளை ஒப்பிடுகிறேன். மூன்றுக்கும் ஒரே கணக்குதான்: u = 20 மீ/வி வேகம், g = 10 மீ/வி², சாய்வு α = 30°. தளத்தின் மேலுள்ள ஒரு புள்ளியிலிருந்து ஒருமுறை மேட்டை நோக்கியும் ஒருமுறை பள்ளத்தை நோக்கியும் எறிகிறோம். எந்தக் கோணத்தில் எறிந்தால் பந்து தளத்தில் மிகத் தூரமாய்ப் போய் விழும்? இதே வேகத்துக்குச் சமதளத்தில் u²/g = 40 மீட்டர் கிடைக்கும். இந்த 40 கடைசி வரை நம்மோடு வரும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை வரியில் விடை வருகிறது, வகையிடல் தேவைப்படுகிறதா என்பது. அடுத்தது, எங்கே வழுக்கும் என்பது. குறி மாறுவது, கோணத்தை வேறு கோட்டிலிருந்து அளப்பது, இந்த இரண்டில்தான் பெரும்பாலான மதிப்பெண் போகிறது. மூன்றாவது, மேட்டுக்குப் போட்ட கணக்கைப் பள்ளத்துக்கு மாற்ற எவ்வளவு உழைப்பு ஆகும். கடைசியாக, கேள்வி கொஞ்சம் விலகினால் அந்த வழி தாங்குமா. பறக்கும் நேரம் கேட்கலாம், தளத்தில் பட்டு எகிறுவதைக் கேட்கலாம், அல்லது சாய்தளத்தையே எடுத்துவிட்டு மலைவிளிம்பிலிருந்து எறியச் சொல்லலாம்.

## வழி 1: அச்சுகளைச் சாய்க்காமல்

கிடையாக x, நேர்குத்தாக y. எறிகோணம் θ கிடைமட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. தெரிந்த இரண்டு சமன்பாடுகளோடு புதிதாகச் சேர்வது ஒன்றே ஒன்று: பந்து தளத்தைத் தொடும்போது y = x tanα. T என்பது பறக்கும் நேரம், R என்பது தளத்தின் வழியேயான நெடுக்கம்.

```
x = u cosθ · t
y = u sinθ · t − ½ g t²
y = x tanα   →   T = 2u sin(θ − α) / (g cosα)
R = x / cosα = 2u² cosθ sin(θ − α) / (g cos²α)
```

இந்த இடத்தில் பலர் உடனே θ-வைப் பொறுத்து வகையிட ஆரம்பிப்பார்கள். தேவையில்லை. cosθ sin(θ − α) என்ற பெருக்கலைக் கூட்டலாக மாற்றினால் போதும்:

```
R = u² [ sin(2θ − α) − sinα ] / (g cos²α)
```

θ ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சைனின் பெரும மதிப்பு 1. ஆகவே 2θ − α = 90°, அதாவது θ = 45° + α/2. அதை உள்ளே போட்டு, cos²α = (1 − sinα)(1 + sinα) என்று பிரித்தால் R = u² / [g(1 + sinα)]. நம் கணக்கில் θ = 60°, R = 40/1.5 = 26.67 மீட்டர்.

பள்ளத்துக்கு α இருக்கும் இடத்திலெல்லாம் −α போட்டால் முடிந்தது: θ = 45° − α/2 = 30°, R = 40/0.5 = 80 மீட்டர். இந்த வழியின் பெரிய பலம் இதுதான். α-வைக் குறியோடு கூடிய எண்ணாகப் பார்த்தால் மேடும் பள்ளமும் ஒரே கணக்கு.

மறைந்திருக்கும் செலவு, R = x/cosα என்ற கடைசிப் படி. x கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுபவர்கள் அதிகம். மேட்டுக்கு x = 23.09 மீட்டர்தான். தளத்தின் வழியே 26.67. கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்க்காவிட்டால், எல்லாம் சரியாகப் போட்டும் விடை தப்பு.

பந்து குறிப்பிட்ட ஒரு புள்ளியில், இத்தனை x இத்தனை y என்று சொல்லப்பட்ட இடத்தில், விழ வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. tanθ-வில் ஓர் இருபடிச் சமன்பாடு வரும், இரண்டு கோணங்கள் கிடைக்கும், வேலை முடிந்தது.

## வழி 2: அச்சுகளைத் தளத்தோடு சாய்த்து

இங்கே x தளத்தின் வழியே, y தளத்துக்குச் செங்குத்தாக. கோணம் β தளத்திலிருந்து அளக்கப்படுகிறது. g இரண்டாக உடைகிறது: தளத்துக்குச் செங்குத்தாக g cosα, தளத்தின் வழியே g sinα.

```
T = 2u sinβ / (g cosα)
R = u cosβ · T − ½ (g sinα) T²      (மேடு)
R = u cosβ · T + ½ (g sinα) T²      (பள்ளம்)
```

பறக்கும் நேரம் ஒரே வரியில் வந்துவிடுகிறது. செங்குத்துத் திசையை மட்டும் பார்த்தால் இது g cosα ஈர்ப்புள்ள சமதளத்து எறிபொருள்தான். நெடுக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் எழுத வேண்டும். மேட்டுக்குச் சுருக்கினால் R = 2u² sinβ cos(β + α) / (g cos²α), அதன் பெருமம் 2β + α = 90° ஆகும்போது. β = 45° − α/2 = 30°. தளம் 30°, அதன் மேல் இன்னொரு 30°, மொத்தம் கிடைமட்டத்திலிருந்து 60°. முதல் வழியோடு ஒத்துப்போகிறது. பள்ளத்துக்கு β = 45° + α/2 = 60°. தளம் 30° கீழே சாய்ந்திருப்பதால் கிடைமட்டத்திலிருந்து 30° மேலே.

ஆபத்தும் இங்கேயேதான். மேட்டுக்கு θ = 60°, β = 30°. பள்ளத்துக்கு θ = 30°, β = 60°. சாய்வு 30° என்று கொடுத்தால் அதே இரண்டு எண்கள் இடம் மாறி நிற்கின்றன. நான்கு விடைகளில் இரண்டு 30°, 60° என்று இருந்தால், எதிலிருந்து அளந்தோம் என்று எழுதி வைக்காதவர் கண்டிப்பாகத் தடுமாறுவார். படம் வரையும்போதே β-வைத் தளத்தின் மேலே ஒரு வில்லாகக் குறித்துவிடுங்கள்.

இன்னொரு தவறு நுட்பமானது. அச்சைச் சாய்த்தபின் படம் சமதளத்து எறிபொருள் மாதிரியே தெரிவதால், பந்து பாதி நேரத்தில் பாதித் தூரத்தில் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். பாதி நேரத்தில் அது தளத்திலிருந்து மிக அதிகமாக விலகி இருப்பது உண்மை (நம் மேட்டுக் கணக்கில் 5.77 மீட்டர்). ஆனால் தளத்தின் வழியேயும் முடுக்கம் இருக்கிறது. பந்து மேலே போகப் போகத் தளத்தின் வழியே வேகம் குறைகிறது, ஆகவே முதல் பாதி நேரத்தில் 16.67 மீட்டரும் மறுபாதியில் 10 மீட்டரும்தான் கடக்கிறது. சமச்சீர் நேரத்தில் மட்டுமே, தூரத்தில் கிடையாது.

இந்தச் செலவுகளுக்கு ஈடாக இந்த வழி தருவதும் அதிகம். தளத்திலிருந்து பந்து எவ்வளவு விலகும் என்ற கேள்வி இதில் ஒரு வரி. தளத்தைச் செங்கோணத்தில் வந்து மோத வேண்டுமானால் என்ன கோணம் என்பதும் அப்படியே: விழும் கணத்தில் தளத்தின் வழியேயான வேகம் சுழி என்று போட்டால் cotβ = 2 tanα. பந்து தளத்தில் மீட்சி மோதலாகப் பட்டுப் பட்டு எகிறும் கணக்கில் இது இல்லாமல் பிழைக்க முடியாது. ஒவ்வொரு எகிறலிலும் செங்குத்து வேகம் அப்படியே திரும்புவதால் நேரம் ஒரே T, தளத்தின் வழியேயான முடுக்கமும் மாறாது. இதையே முதல் வழியில் போட்டால் தாள் நிரம்பிவிடும்.

## வழி 3: எல்லைப் பரவளையமும் அதன் குவியமும்

இது பாடப்புத்தகத்தில் அதிகம் தென்படாத வழி. பெரும நெடுக்கத்துக்கு மட்டும் என்றால் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஒரே புள்ளியிலிருந்து ஒரே வேகத்தில் எல்லாக் கோணங்களிலும் எறிந்தால், அந்தப் பாதைகளால் தொட முடிகிற பகுதிக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. அந்தக் கோடும் ஒரு பரவளையமே என்று இத்தாலியரான டோரிசெல்லி 1644-ல் காட்டினார். வருவிப்பது சுலபம். (x, y) என்ற புள்ளியைத் தொட tanθ-வில் ஓர் இருபடிச் சமன்பாடு வரும் என்று வழி 1-ல் சொன்னோமே, அதற்கு மெய்யான தீர்வு இருக்கிற கடைசி எல்லையை எழுதினால் போதும்:

```
y = u²/(2g) − g x²/(2u²)
```

இதை x² = (u²/g)² − 2(u²/g) y என்று திருப்பி எழுதி, இருபக்கமும் y² கூட்டுங்கள். இடப்பக்கம் x² + y², அதாவது எறியும் புள்ளியிலிருந்துள்ள தூரம் r-இன் வர்க்கம். வலப்பக்கம் (u²/g − y)². ஆகவே

```
r + y = u²/g
```

எறியும் புள்ளிதான் அந்தப் பரவளையத்தின் குவியம் என்பதே இதன் பொருள். கணக்குப் போடுபவருக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம்: எறிந்த இடத்திலிருந்து விழுந்த இடத்துக்கு நேர்கோட்டுத் தூரம், அதோடு ஏறிய உயரம், இரண்டையும் கூட்டினால் சமதளத்துப் பெரும நெடுக்கம். சாய்தளத்தில் y = r sinα. உடனே r = u² / [g(1 + sinα)]. சரிபார்ப்போம். மேட்டில் 26.67 மீட்டர் போய் 13.33 மீட்டர் ஏறுகிறோம், கூட்டினால் 40. பள்ளத்தில் 80 மீட்டர் போய் 40 மீட்டர் இறங்குகிறோம், 80 − 40 = 40. குறி தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சரி, கோணம்? அதற்கு ஒரு முக்கோணம் போதும். ஈர்ப்பே இல்லாவிட்டால் பந்து எறிந்த திசையிலேயே uT தூரம் போயிருக்கும். ஈர்ப்பு அதை அங்கிருந்து நேராக ½gT² கீழே இறக்குகிறது. எறிந்த இடம், ஈர்ப்பு இல்லாமல் போயிருக்கக்கூடிய இடம், உண்மையில் விழுந்த இடம், இந்த மூன்றும் ஒரு முக்கோணம். அதன் பக்கங்கள் uT, ½gT², R. பெரும நெடுக்கத்தில் இது இருசமபக்க முக்கோணமாகிவிடுகிறது, R = ½gT². மேட்டில் T = 2.31 நொடி, ½gT² = 26.67. பள்ளத்தில் T = 4 நொடி, ½gT² = 80. சமபக்கங்களின் எதிர்க்கோணங்களும் சமம். ஆகவே எறியும் திசைக்கும் தளத்துக்கும் உள்ள கோணமும், எறியும் திசைக்கும் நேர்குத்துக்கும் உள்ள கோணமும் ஒன்றே. தளத்துக்கும் தலைக்கு நேர் மேலுள்ள திசைக்கும் நடுவே இருசமவெட்டி வரைந்தால் அதுதான் சிறந்த திசை. மேடா பள்ளமா என்ற கேள்வியே எழவில்லை. சமதளத்தில் 90°-இன் பாதி 45° என்பதும் இதில் அடக்கம்.

எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்தால் நாம் அறிந்த அதே ஹாலி, 1695-ல் பீரங்கி விதியாக இதைத்தான் வெளியிட்டார். இலக்கு மேட்டில் இருந்தாலும் பள்ளத்தில் இருந்தாலும், இலக்கின் திசைக்கும் உச்சிக்கும் நடுவே குழலை வைத்தால் மிகக் குறைந்த வேகத்தில் இலக்கை எட்டலாம். வெடிமருந்து மிச்சமாகும்.

அதே முக்கோணத்தில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. விழுந்த இடத்திலிருந்து uT பக்கத்தின் நடுப்புள்ளிக்கு ஒரு கோடு போடுங்கள். அது விழும் கணத்துத் திசைவேகத்தின் திசையிலேயே இருக்கும். இருசமபக்க முக்கோணத்தில் அந்தக் கோடு அடிப்பக்கத்துக்குச் செங்குத்து. எனவே பெரும நெடுக்கத்தில் எறிந்த திசையும் விழும் திசையும் எப்போதும் செங்கோணத்தில் இருக்கும். விடையைச் சரிபார்க்க இதைவிடச் சுருக்கமான சோதனை எனக்குத் தெரியாது. மேட்டில் 60° மேல்நோக்கி எறிந்தால் 30° கீழ்நோக்கி வந்து விழும்.

இந்த வழியின் செலவு என்ன? முதலாவது, பெருமம் அல்லாத எதையும் இது சொல்லாது. 50° கோணத்தில் எறிந்தால் எவ்வளவு தூரம் என்றால் கையை விரித்துவிடும். இரண்டாவது, படிப்படியாக வருவிக்கச் சொல்லும் எழுத்துத் தேர்வில் r + y = u²/g என்று திடீரென எழுதினால் திருத்துபவருக்குப் புரியாமல் போகலாம். மேலே உள்ள இரண்டு வரி வருவிப்பையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது.

## மேட்டில் ஒரு தவறு, பள்ளத்தில் அதே தவறு

எந்த வழியில் போனாலும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் 45° என்று எறிந்துவிட்டால் எவ்வளவு இழக்கிறோம்? மேட்டில் கிடைமட்டத்திலிருந்து 45° எறிந்தால் 19.5 மீட்டர். சிறந்ததில் கால்பங்குக்கு மேல் போய்விட்டது. தளத்திலிருந்து 45° எறிந்தாலும், அதாவது θ = 75° என்றாலும், அதே 19.5 மீட்டர்தான். இரண்டும் 60°-க்கு இருபுறமும் 15° தள்ளி நிற்பதால் ஒரே விடை. பள்ளத்தில் அதே 15° பிசகு என்றால் 72.9 மீட்டர், 80-இல் ஒன்பது சதவீதம்தான் இழப்பு.

காரணம் வழி 1-இன் சூத்திரத்திலேயே இருக்கிறது. மேட்டில் sin(2θ − α)-விலிருந்து sinα கழிகிறது, பள்ளத்தில் கூடுகிறது. கழித்து மிஞ்சுவது சிறிய எண் என்பதால் சிறு பிசகும் அதில் பெரிதாகத் தெரியும். சாய்வு அதிகமாக ஆக இது மோசமாகும். பள்ளத்தில் எறிபவர் கோணத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம், மேட்டில் எறிபவர் கவலைப்பட்டே ஆக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | வழி 1: கிடை அச்சு | வழி 2: சாய்ந்த அச்சு | வழி 3: எல்லைப் பரவளையம் |
|---|---|---|---|
| பெரும நெடுக்கம் | முக்கோணவியல் மாற்றம் தேவை | முக்கோணவியல் மாற்றம் தேவை | ஒரே வரி |
| சிறந்த கோணம் | 45° + α/2 (கிடைமட்டத்திலிருந்து) | 45° − α/2 (தளத்திலிருந்து) | இருசமவெட்டி |
| மேட்டிலிருந்து பள்ளத்துக்கு | α-வின் குறியை மாற்றினால் போதும் | g sinα-வின் குறி, கோணம் இரண்டையும் பார்க்க வேண்டும் | எதையும் மாற்ற வேண்டாம் |
| வழுக்கும் இடம் | x-ஐ R என்று எழுதிவிடுவது | β-வை θ என்று எழுதிவிடுவது | பெருமம் அல்லாத கேள்விக்குப் பயன்படுத்துவது |
| பறக்கும் நேரம் | நடுவிலேயே வரும் | முதல் வரியில் வரும் | பெருமத்தில் மட்டும், R = ½gT² |
| எகிறும் பந்து | தவிர்க்கவும் | இதுதான் | உதவாது |

## எப்போது எதை எடுப்பது

பெரும நெடுக்கம், சிறந்த கோணம், ஓர் இலக்கை எட்டத் தேவையான குறைந்தபட்ச வேகம், இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் வழி 3. கோணத்தைக் கொடுத்துவிட்டு நேரம், தளத்திலிருந்து விலகல், மோதும் கோணம், எகிறல் என்று கேட்டால் வழி 2. விழும் புள்ளியின் ஆயத்தொலைகளைக் கொடுத்தால் வழி 1. ஒன்றை மட்டும் கற்க நேரம் இருக்கிறது என்றால் வழி 1-ஐத்தான் சொல்வேன். அது எங்கும் மாட்டிக்கொள்ளாது, கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவே. வழி 2-ஐ மட்டும் கற்றுக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே போடுவதுதான் பரவலாக நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சாய்தளமே இல்லாத ஒரு கணக்கில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 60 மீட்டர் உயர மலைவிளிம்பிலிருந்து அதே 20 மீ/வி வேகத்தில் எறிகிறோம், கீழே தரை சமதளம். எவ்வளவு கிடைத்தூரம் போகலாம்? வழி 2-க்கு இங்கே சாய்க்கத் தளமே கிடையாது. வழி 1-ல் நேரத்துக்கு வர்க்கமூலம் வரும், அதை வைத்துக்கொண்டு வகையிட வேண்டியிருக்கும். வழி 3-ல் y = −60, ஆகவே r = 40 + 60 = 100. செங்கோண முக்கோணத்தில் கர்ணம் 100, ஒரு பக்கம் 60, மறுபக்கம் 80 மீட்டர். மனக்கணக்கு. கோணத்துக்கு tanθ = u²/(gx) = 40/80, சுமார் 26.6°. எல்லையில் அந்த இருபடிச் சமன்பாட்டின் இரண்டு தீர்வுகளும் ஒன்றாகிவிடுவதால் இந்த tanθ சூத்திரம் வருகிறது. சாய்தளத்திலும் இது செல்லும்: மேட்டில் 40/23.09, அதன் கோணம் 60°.

மூன்று வழிகளுக்கும் பொதுவான எல்லை காற்றுத் தடை. அது கணிசமாக இருந்தால் பாதை பரவளையமாக இருக்காது. R = ½gT², எறிந்த திசைக்கும் விழும் திசைக்கும் உள்ள செங்கோணம், இருசமவெட்டி எல்லாமே உடையும். சமதளத்தில் சிறந்த கோணம் பொதுவாக 45°-க்குக் கீழே இறங்கும். கனமான இரும்புக் குண்டுக்கு இந்த வேகத்தில் அது பொருட்டல்ல, மேசைப்பந்துக்கு எல்லாமே அதுதான். கையால் எறியும்போது இன்னொன்றும் சேர்கிறது. u எல்லாக் கோணத்திலும் ஒன்றே என்று வைத்துத்தான் மேலே போட்ட அத்தனையும், ஆனால் செங்குத்தாக எறிய எறிய மனிதக் கை தரும் வேகம் குறைகிறது. குண்டு எறியும் வீரர்கள் 40°-க்குக் கீழேயே எறிவதற்கு முக்கியக் காரணம் இது. குண்டு தோள் உயரத்துக்கு மேலிருந்து கிளம்புவதால் கோணம் குறைவது சுமார் மூன்று டிகிரிதான். u கோணத்தோடு மாறுகிற கணக்கு வந்தால் வழி 3-ஐ மூடிவைத்துவிட்டு, வழி 1-இன் நெடுக்கச் சூத்திரத்தில் u-வுக்குப் பதிலாக u(θ) போட்டு வகையிட வேண்டியதுதான்.